பார்வை போன பிறகு அதே அலுவலக வேலைக்குத் திரும்ப எதை, எந்த வரிசையில் கற்பது?

"வயது 44. ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். சம்பளப் பட்டியல், தபால், தமிழில் கடிதம் தயாரிப்பது என் வேலை. சர்க்கரையால் விழித்திரை கெட்டு, இரண்டு கண்ணிலும் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். வேலையை விட மனமில்லை. ஸ்கிரீன் ரீடர், பிரெய்ல், வெள்ளைக்கோல் மூன்றும் கற்க வேண்டுமா? எதில் தொடங்குவது? எவ்வளவு காலம் ஆகும்?"

மூன்றும் வேண்டும், ஆனால் சம அளவில் வேண்டாம். வெள்ளைக்கோலையும் போனையும் இந்த வாரமே தொடங்குங்கள். பயிற்சி நேரத்தில் பெரும் பங்கு, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்குப் போகட்டும். பிரெய்லுக்கு தினமும் அரை மணி நேரம் போதும். ஒழுங்காக நேரம் ஒதுக்கினால், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய வேலையில் பெரும்பகுதியைச் செய்ய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். நானும் பார்வை இல்லாதவன்தான். நடு வயதில் பார்வை இழந்தவர்களுக்குக் கணினி கற்றுத் தருவது என் தொழில், அந்தக் கோணத்திலிருந்தே இதைச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு காகித வேலை இருக்கிறது. யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் விருப்ப ஓய்வுக் கடிதத்திலோ, இயலாமை ஓய்வூதிய விண்ணப்பத்திலோ இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் பிரிவு 20(4) உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆன ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கக்கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதமும் பணிப்பயன்களும் உள்ள வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வயது வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு இதே வலுவில் பொருந்தாது. அவர்கள் நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் பேச வேண்டும்.

அதனால் முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழும், யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்குங்கள். நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தால் சட்டப்படி அது பார்வையின்மை. உங்களுக்கு அதில் சிக்கல் வராது. அட்டை கைக்கு வந்ததும் அலுவலகத் தலைவருக்கு ஒரு கடிதம்: பயிற்சி பெற்றுவருகிறேன், இன்ன தேதிவாக்கில் பணிக்குத் திரும்ப விரும்புகிறேன், பிரிவு 20(2)-ன்படி இன்னின்ன வசதிகள் வேண்டும். நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உண்டு. சண்டை போடச் சொல்லவில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் மேலதிகாரிக்கு இந்தப் பிரிவே தெரியாது, கடிதத்தில் பார்த்த பிறகுதான் தெரியவரும்.

சரி, வெள்ளைக்கோல். இன்று உலகமெங்கும் கற்றுத்தரும் முறை உங்களைப் போன்ற பெரியவர்களுக்காக உருவானதுதான். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, 1944-ல் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் இதை வகுத்தார். அதுவரை கோல் என்றால் ஊன்றுகோல், அல்லது மற்றவர்களுக்கு அடையாளம். ஹூவர் அதை நீளமாக்கி, எடையைக் குறைத்து, தரையைத் தடவிப் பார்க்கும் கருவியாக்கினார்.

நேராக நின்றால் தரையிலிருந்து உங்கள் மார்புக்குழி வரை வர வேண்டும் கோல். வேகமாக நடப்பவருக்கு இன்னும் சற்று நீளம் நல்லது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று இடுப்பளவுக் கோலை வாங்கிக்கொள்ளாதீர்கள். அதில் பள்ளம் தெரியவரும்போது கால் ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கும். பிடி தொப்புளுக்கு நேராக, உடம்பின் நடுவில் இருக்கட்டும். ஆட்காட்டி விரலைக் கோலின் மேல் நீட்டி வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, தோள் அகலத்தைவிட இரு பக்கமும் ஓரிரு அங்குலம் அதிகமாக வீசுங்கள். இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்பக்கம் தரையைத் தொட வேண்டும். வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்து எந்தக் கால் போகப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டிப் பார்த்துவிடுகிறது. தாளம் தவறினால் நீங்களே கண்டுபிடிக்கலாம்: ஒரே பக்கத்துக் கால் அடிக்கடி கல்லில் இடித்தால் காலும் கோலும் ஒரே பக்கம் போகின்றன. தோள் இடித்துக்கொண்டே இருந்தால் வீச்சு குறுகிவிட்டது, அல்லது கை நடுவிலிருந்து விலகிவிட்டது.

நுனியை ஒவ்வொரு முறையும் தூக்கித் தட்டுவது ஒரு முறை, தரையிலிருந்து எடுக்காமல் இழுப்பது இன்னொரு முறை. நம் ஊர் நடைபாதையில் மூடியில்லாத வடிகால், திடீர்ப் பள்ளம், ஒழுங்கில்லாத சிமென்ட் பலகை எல்லாம் உண்டு. அங்கே இழுக்கும் முறையே பாதுகாப்பு என்பது என் கருத்து. அதற்கு ஊசி நுனி மாட்டிக்கொள்ளும், உருளும் நுனி வாங்குங்கள்.

உங்களுக்கு மட்டும் சில எச்சரிக்கைகள். பல வருடச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தரையின் மாற்றத்தைப் பாதி கோலும் பாதி பாதமும் சொல்ல வேண்டும். பாதம் சொல்லாவிட்டால் கோலை இன்னும் மெதுவாக, முழுதாக வீச வேண்டியிருக்கும். செருப்பு வேண்டாம், விரல் மூடிய ஷூ போடுங்கள், வீடு திரும்பியதும் வீட்டில் ஒருவர் பாதத்தைப் பார்த்துவிடட்டும். நடைப்பயிற்சிக்குப் போகும்போது பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். சர்க்கரை இறங்கும்போது திசை குழம்பலாம். பயிற்சியாளர் அதை "வழி மறந்துவிட்டார்" என்று எடுத்துக்கொள்வார்.

இடுப்புக்கு மேலே இருப்பதைக் கோல் காட்டாது. லாரியின் பின்புறம், தாழ்ந்த கிளை, வெளிப்பக்கம் திறந்த ஜன்னல் கதவு, கடைப் பலகை எல்லாம் முகத்துக்குத்தான் வரும். பழக்கமில்லாத இடத்தில் மற்ற கையை மடக்கி, உள்ளங்கை வெளியே பார்க்க, முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்வார்கள். ஐஐடி தில்லியில் உருவான ஸ்மார்ட் கேன் என்ற கருவி கோலின் பிடியில் மாட்டுவது, முழங்காலுக்கு மேலே இருக்கும் தடையை அதிர்வால் உணர்த்தும். பயனுள்ளதுதான். ஆனால் பள்ளத்தைச் சொல்வது கோலின் நுனி மட்டுமே, அதனால் கோல் கைக்குப் பழகிய பிறகு வாங்கினால் போதும்.

வழியைத் துண்டு துண்டாகக் கற்க வேண்டும். முதலில் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை. அது தனியாகச் செய்ய வந்த பிறகு தெருமுனையிலிருந்து பேருந்து நிறுத்தம். கடைசியில் அலுவலக வாயிலிலிருந்து உங்கள் நாற்காலி, அங்கிருந்து கழிப்பறை, அங்கிருந்து அதிகாரி அறை. ஒவ்வொரு துண்டுக்கும் இடம் மாறாத அடையாளம் குறைந்தது இரண்டு தேவை. டீக்கடை வாசனை அடையாளம் ஆகாது, ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. வேகத்தடை, மின்மாற்றியின் ரீங்காரம், சாய்தளம், தரை தாரிலிருந்து மண்ணாக மாறும் இடம் இவையெல்லாம் நிற்கும். அலுவலகத்துக்குள் நடக்கும் பயிற்சியை விடுமுறை நாளில் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். நாற்பது பேர் "சார் இந்தப் பக்கம், சார் அந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுக்கும் நாளில் எதுவும் மனதில் நிற்காது. உதவி தேவைப்படும்போது அவர் உங்கள் கையைப் பிடிக்க வேண்டாம், நீங்கள் அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து அரையடி பின்னால் நடங்கள். படி வருவதும் திரும்புவதும் அவர் உடம்பசைவிலேயே தெரிந்துவிடும்.

கோலோடு சேர்த்துத் தொடங்கச் சொன்னது போன். ஆண்ட்ராய்டு என்றால் உள்ளேயே டாக்பேக் இருக்கிறது, ஐபோனில் வாய்ஸ்ஓவர். வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், இரட்டைத் தட்டில் திறக்கும். அழைப்பு எடுப்பது, ஓடிபி கேட்பது, ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கியின் மணி செயலியால் அடையாளம் காண்பது இவை வந்துவிட்டாலே வீட்டில் பாதிச் சார்பு குறையும். அதைவிட முக்கியம், திரையைப் பார்க்காமல் காதால் வரிசையாகக் கேட்டு மனதில் இடம் போட்டுக்கொள்ளும் பழக்கம் போனில்தான் தொடங்குகிறது. கணினியில் தேவைப்படுவதும் அதே பழக்கம்.

இப்போது உங்கள் சம்பளத்தைக் காப்பாற்றப் போகும் விஷயத்துக்கு வருவோம். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கியது. ஜாஸ் என்பது கட்டணமுள்ளது, சில பெரிய நிறுவன மென்பொருள்களில் அது கூடுதலாகக் கைகொடுக்கும். உங்கள் வேலைக்கு என்விடிஏ போதும். அலுவலகம் ஜாஸ் வாங்கித் தரட்டும் என்று காத்திருந்து மாதங்களை இழக்காதீர்கள்.

விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சுவதுதான் இதற்கு அடித்தளம். நீங்கள் தமிழ்த் தட்டச்சில் லோயரோ ஹையரோ முடித்தவர் என்றால் பெரிய சொத்து உங்கள் கையில் இருக்கிறது, அந்த விரல்களுக்குக் கண் ஒருபோதும் தேவைப்படவில்லை. பழைய தட்டச்சுப் பொறி அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்க என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் உதவும். புதிதாகக் கற்பவராக இருந்தால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைக் கற்கச் சொல்வேன். ஆங்கிலத்துக்கு F, J விசைகளில் உள்ள சிறு மேட்டில் ஆட்காட்டி விரல்களை வைத்துத் தொடங்குங்கள். முதலில் `NVDA+1` அழுத்துங்கள் (இங்கே `NVDA` என்றால் `Insert` விசை). அதன் பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், வேறொன்றும் நடக்காது. மறுபடி அழுத்தினால் இயல்புக்கு வரும்.

குரல் விஷயத்தில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் தமிழ் மொழிப்பொதியைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும். கேட்க மனிதக் குரல் போல இருக்கும், கடிதத்தை முழுதாகப் படித்துப் பார்க்க நல்லது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் இயந்திரத்தனமாக இருக்கும், முதலில் கேட்பவர் எல்லாருக்கும் வெறுப்புத்தான். ஆனால் விசையைத் தொட்டவுடன் பேசும், வேகம் கூட்டினாலும் எழுத்து சிதையாது. நாள் முழுக்க எக்செல்லில் வேலை செய்ய அதுதான் சரிப்படும். வேகத்தை வாரம் ஒரு படி ஏற்றுங்கள். பேசுவதை நிறுத்த `Ctrl`. இந்த ஒரு விசையை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். அது பேசி முடிக்கும் வரை காத்திருப்பவர் கடைசிவரை மெதுவாகவே இருப்பார்.

"கம்ப்யூட்டர் கோர்ஸ்" என்று பொதுவாக எல்லாவற்றையும் கற்காதீர்கள். ஒரு மாதத்தில் நீங்கள் உண்மையில் செய்த வேலைகளைப் பட்டியல் போடுங்கள், அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக வென்றெடுங்கள். சம்பளப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 38 ஊழியர்கள். நான்காவது வரிசையில் தலைப்புகள்: எண், பெயர், பதவி, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மொத்தப் பிடித்தம், நிகரம். அதாவது A முதல் H வரை எட்டு நெடுவரிசை, ஆட்கள் 5 முதல் 42 வரை.

எக்செல்லில் அம்பு விசையால் நகர்ந்தால் என்விடிஏ எண்ணையும் கட்டத்தின் முகவரியையும் சொல்லும். "46200, D17". இது யாருடைய எந்தத் தொகை? பார்க்கிறவர் மேலே கண்ணை ஓட்டித் தலைப்பைப் பார்ப்பார். நீங்கள் A4-ல் நின்று `NVDA+Shift+C` அழுத்துங்கள். இனி நெடுவரிசை மாறும்போதெல்லாம் தலைப்பைச் சேர்த்தே சொல்லும். பெயர் உள்ள B5-ல் நின்று `NVDA+Shift+R` அழுத்தினால் வரிசை மாறும்போது பெயரையும் சொல்லும். மேலும் கீழும் இறங்கும்போது ஆள் மாறுவது காதில் விழும், இடமும் வலமும் போகும்போது தொகையின் வகை மாறுவது விழும். இரண்டு கட்டங்களை ஒன்றாக்கிய தலைப்பு இருந்தால் இது குழம்பும். அந்தக் கோப்பைத் தயாரிப்பவரிடம் ஒரே வரிசைத் தலைப்பு கேளுங்கள். "மஞ்சள் அடித்திருப்பது நிலுவை" என்ற வகை அடையாளமும் வேண்டாம், ஒரு நெடுவரிசையில் "நிலுவை" என்று எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. பார்வை இருந்தபோது பட்டியலை ஒரு நோட்டம் விட்டாலே தவறான தொகை கண்ணில் உறுத்தியிருக்கும். அந்த நோட்டம் இனி கிடையாது. 38 வரிசையையும் காதால் கேட்டுச் சரிபார்ப்பவர்கள் இருபதாவது வரிசையில் கவனம் இழப்பார்கள், அது யாருடைய குறையும் அல்ல. அதனால் நோட்டத்தைச் சூத்திரத்திடம் கொடுத்துவிடுங்கள். I5-ல் இதை அடித்து I42 வரை நகலெடுங்கள்:

```
=IF(H5=D5+E5+F5-G5,0,1)
```

I43-லும் I44-லும் முறையே இவை:

```
=SUM(I5:I42)
=MATCH(1,I5:I42,0)
```

I43-ல் பூஜ்யம் என்று கேட்டால் எல்லா நிகரமும் சரி. 1 என்றால் ஒரே ஒரு வரிசை தவறு. I44 அது எத்தனையாவது ஆள் என்று சொல்லும். 13 என்று கேட்டால் நான்கைக் கூட்டி 17-வது வரிசைக்குப் போங்கள். `Ctrl+G` அழுத்தி H17 என்று அடித்தால் அங்கே நிற்பீர்கள். பிழை இல்லாதபோது I44-ல் `#N/A` வரும், பயப்பட வேண்டாம். பைசாக் கணக்கு உள்ள பட்டியலில் I5-ல் `=IF(ROUND(H5-(D5+E5+F5-G5),2)=0,0,1)` என்று அடியுங்கள், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத தசம வித்தியாசத்தைக்கூடப் பிழை என்று காட்டும். இப்படிச் சரிபார்க்கும் உதவியாளரின் பட்டியலில் கண்ணால் பார்த்துச் செய்பவருடையதைவிடப் பிழை குறைவாக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய தலைவலி தமிழ்க் கோப்புகள்தான். அலுவலகத்தில் பல வருடமாகச் சேர்ந்த கடிதங்களில் பல, யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் "தமிழ்" என்று அடித்தது உள்ளே இப்படித்தான் இருக்கிறது:

```
jkpo;
```

ஸ்கிரீன் ரீடர் எழுத்துருவின் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் வாசிக்கும். அதனால் உங்கள் காதில் ஜே கே பி ஓ என்று ஏதோ உளறல் விழும். உடனே மென்பொருளைச் சந்தேகிக்காதீர்கள். அந்த வரியில் நின்று `NVDA+F` அழுத்தினால் எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினி, வானவில் என்று வந்தால் விஷயம் புரிந்துவிட்டது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிகோடாக்கலாம், ஆனால் நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் உள்ள பெயர்களையும் அது தமிழாக்கிக் குழப்பும். முதல் சில கோப்புகளைப் பார்வை உள்ள ஒருவரோடு சேர்ந்து மாற்றிப் பாருங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆகவே "எனக்கு வரும் கோப்புகள் யூனிகோடில் வர வேண்டும்" என்று நீங்கள் கேட்பது சலுகை அல்ல. மேலே சொன்ன கடிதத்தின் வசதிப் பட்டியலில் இதை முதல் வரியாகப் போடுங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேறு கதை. அது வெறும் படம், என்விடிஏ அங்கே மௌனமாக இருக்கும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் அச்சையும் ஓரளவு எழுத்தாக்கித் தரும். தட்டச்சிட்ட ஆணைகளுக்கு இது போதும். கையெழுத்துக் குறிப்புக்கும், முத்திரை மேலே விழுந்த வரிக்கும் ஆள்தான் வேண்டும். தினம் ஒரு நேரம் ஒதுக்கி ஒருவரை வாசிக்கச் சொல்லி ஏற்பாடு செய்துகொள்வது, நொடிக்கு ஒருவரைக் கூப்பிடுவதைவிட இரு பக்கமும் நல்லது. ரகசியக் கோப்பை வெளி இணையதளத்தில் ஏற்றுவதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

இணையதளங்களில் `H` தலைப்புக்குத் தலைப்பு தாவும், `E` எழுதும் கட்டத்துக்கு, `B` பொத்தானுக்கு, `T` அட்டவணைக்கு. எழுதத் தொடங்கியதும் எழுத்து விழாமல் எங்கோ தாவினால் `NVDA+Space` அழுத்துங்கள், வாசிக்கும் நிலையிலிருந்து எழுதும் நிலைக்கு மாறும். புதியவர்கள் "சைட் வேலை செய்யவில்லை" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு விசைதான். படத்தில் எழுத்து காட்டும் கேப்ட்சா மட்டும் உண்மையான சுவர். ஒலி வடிவம் இல்லாத தளத்தில் அந்த ஒரு கட்டத்துக்கு இன்னொருவர் கண் தேவை. அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

பிரெய்லைக் கடைசியில் வைத்ததால் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் வயதில் கற்பவர் நாவல் படிக்கும் வேகத்துக்கு வருவது அபூர்வம், அதை இலக்காக வைத்தால் வெறுத்துவிடுவீர்கள். இலக்கு வேறு: கோப்புறையில் ஒட்டும் அடையாளச் சீட்டு, மாத்திரை டப்பா, கூட்டத்தில் பேச நான்கு வரிக் குறிப்பு, அதிகாரி பேசும்போது காதில் கருவியைப் பேசவிடாமல் விரலால் பார்க்கக்கூடிய எண்கள். இதற்கு வேகம் தேவையில்லை.

ஆறு புள்ளிகள், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லில் தமிழ் எழுதுகிறோம். அ என்பது புள்ளி 1, க என்பது 1-3, ல என்பது 1-2-3, ம என்பது 1-3-4. உயிர்மெய்க்குத் தனி வடிவம் கிடையாது, மெய்க்குப் பின்னால் உயிரை எழுதினால் போதும். மெய்யின் புள்ளியோ எழுத்துக்கு முன்னால் வரும், அது புள்ளி 4. "அம்மா" என்பது ஐந்து கட்டம்: அ, புள்ளி 4, ம, ம, ஆ. 247 எழுத்து என்று பயப்பட வேண்டியதில்லை, நினைவில் வைக்க வேண்டியது முப்பத்துச் சொச்சம்தான்.

உங்கள் விஷயத்தில் கேள்வி நினைவு அல்ல, விரல். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். சர்க்கரையால் விரல் நுனி மரத்திருந்தால் அது தெரியாது. சோதனை எளிது: ஒருவரிடம் சொல்லி ஒரு வரி முழுக்க க, ல இரண்டையும் கலந்து குத்தித் தரச் சொல்லுங்கள். கவில் நடுப்புள்ளி இல்லை, லவில் உண்டு. விரலை மேலும் கீழும் தேய்க்காமல் இடமிருந்து வலமாக லேசாக நகர்த்தி இரண்டையும் பிரித்துச் சொல்ல வந்தால் உங்களால் பிரெய்ல் படிக்க முடியும். எல்லா விரலையும் சோதியுங்கள், ஆட்காட்டி விரல் தோற்று நடுவிரல் ஜெயிப்பது உண்டு. எந்த விரலிலும் முடியாவிட்டால் பெரிய அளவுப் பிரெய்லோடு சீட்டுகளுக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளலாம், குறிப்புக்குப் போனில் குரல் பதிவு. இன்னொன்று, குளுக்கோஸ் பார்க்க ஊசி குத்துவது இனி படிக்கும் விரலில் வேண்டாம். மோதிர விரல், சுண்டு விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். தகடும் ஊசியும் வைத்து எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இது ஒரு வாரம் குழப்பும், பிறகு கை பழகிவிடும்.

எங்கே கற்பது? மத்திய அரசின் தேசிய பார்வைத்திறன் குறைபாடுடையோர் நிறுவனத்துக்கு டேராடூனில் தலைமையகம். 1943-ல் போரில் பார்வை இழந்தவர்களுக்கான விடுதியாகத் தொடங்கிய இடம் அது, இன்றும் பெரியவர்களுக்குத் தங்கிப் பயிலும் வசதி அங்கே உண்டு. சென்னைப் பக்கம் பூந்தமல்லியில் அதன் மண்டல மையம் இருக்கிறது. உங்கள் கண் மருத்துவமனையிலேயே பார்வை மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேலைக்கான கணினிப் பயிற்சிக்குப் பெங்களூரின் எனேபிள் இந்தியா போன்ற அமைப்புகள் உண்டு. எங்கே சேர்ந்தாலும் முன்னதாக ஒன்று கேட்டுவிடுங்கள்: பயிற்சியாளர் என்னோடு தெருவில் இறங்கி நடப்பாரா, வளாகத்துக்குள் மட்டுமா? வளாகத்துக்குள் மட்டும் என்றால் கோல் பயிற்சிக்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

பணியில் சேரும் தேதியை மருத்துவச் சான்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய மாதச் சம்பளப் பட்டியல் ஒன்றையும், பத்துக் கடிதங்களையும் பெயர், எண்களை மாற்றி நண்பர் ஒருவர் மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலை யார் உதவியும் இல்லாமல் ஒரே நாளில் முடிக்கவும், கடிதங்களில் எட்டையாவது தனியாக அனுப்பும் நிலைக்குக் கொண்டுவரவும் முடிந்தால் நீங்கள் தயார். முதல் மாதம் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மற்ற காது அறைக்குத் தேவை. மேசையில் எதை எடுத்தாலும் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லி பக்கத்து மேசைக்காரர்களிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள்.